புது டியூப் மூன்றும் போய்விட்டன, டயர் ஏற்றும்போது எங்கே பிழைக்கிறேன்?

நிலா_வெள்ளவத்தை | சனி, இரவு 10.15

வணக்கம். 2022இல் பெட்ரோல் வரிசை நீண்டிருந்த நாட்களில் வாங்கிய மலைச் சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போக அதைத்தான் இன்னமும் பாவிக்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் பின் சில்லுக்குப் புது டயர் போட்டேன். 26 × 1.95 என்று எழுதியிருக்கிறது. கடையில் பூட்டித் தந்தார்கள், பிரச்சினை இல்லை.

போன வியாழக்கிழமை கண்ணாடித் துண்டு ஏறிக் காற்றுப் போய்விட்டது. இனி நானே மாற்றப் பழகுவோம் என்று நினைத்துப் புது டியூப் வாங்கி வந்தேன். டயர் சரியான இறுக்கம். கடைசித் துண்டு ரிம்முக்குள் போகவே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் லீவரும் போதாமல் மேசைக்கரண்டியின் காம்பையும் விட்டுத் தெண்டி ஏற்றினேன். காற்றடித்தேன், கல்லுப்போல் நின்றது. நாற்பது நிமிடத்தில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை இரண்டாவது டியூப். இது காற்றடிக்கும்போதே சீறியது. இன்று மூன்றாவது. கரண்டி பாவிக்காமல் லீவரால் மட்டும் கவனமாகப் போட்டேன். கால் பம்பின் முள் 50ஐத் தாண்டியபோது வெடி வெடித்த மாதிரிச் சத்தம். டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து தொங்குகிறது. பக்கத்து வீட்டு அன்ரி ஓடி வந்துவிட்டார். காது இன்னும் இரைகிறது.

டியூப் தரமில்லையா, அல்லது நான் செய்வது பிழையா? கடைக்குக் கொண்டு போனால் பத்து நிமிடத்தில் முடியும் என்று தெரியும். ஆனால் வீதியில் நடுவழியில் நின்றால் நானே செய்யத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

---

தெஹிவளை_இரட்டைச்சில்லு | சனி, இரவு 10.52

அக்கா, இப்போது வருகிற டியூப்கள் மெல்லிசு. கையில் பிடித்தாலே தெரியும். கொஞ்சம் தடிப்பான டியூப் கேட்டு வாங்குங்கள்.

அதோடு டயருக்குள் விரலை மெதுவாக விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். அந்தக் கண்ணாடித் துண்டு இன்னும் உள்ளே குத்திக்கொண்டு நின்றால் நூறு டியூப் போட்டாலும் போகும். விரலை வெட்டும், அதனால் பழைய துணி ஒன்றைப் பிடித்துத் தடவுவது நல்லது, நூல் சிக்குகிற இடத்தில் துண்டு இருக்கும்.

ஏற்றுகிற முறை: காற்றடிக்கிற வால் இருக்கிற இடத்தில்தான் தொடங்க வேண்டும். வாலைத் துளையில் விட்டு, நட்டை இறுக்கி, அதிலிருந்து இரண்டு பக்கமும் டயரை ஏற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தில் முடியுங்கள். கடைசிக்கு லீவர் இல்லாமல் முடியாது. லீவரைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டால் வழுக்கிப் போகும். நான் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

---

நிலா_வெள்ளவத்தை | சனி, இரவு 11.05

டயருக்குள் இருந்த கண்ணாடியை முதல் நாளே எடுத்துவிட்டேன் தம்பி. துணியால் தடவியும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நானும் மூன்று தடவையும் வாலில்தான் தொடங்கினேன்.

---

பழைய_றிம் | ஞாயிறு, காலை 6.20

பிள்ளை, அந்த மூன்று ரியூப்பையும் எறிந்துவிட்டீரா? எறியாவிட்டால் நல்லது. என்ன நடந்தது என்பதை அவைதான் சொல்லும்.

ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் காற்று அடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பேனாவால் குறியும். மூன்று விஷயம் எனக்குத் தெரியவேண்டும். ஓட்டை ரியூப்பின் எந்தப் பக்கம்: ரயரைப் பார்த்த வெளிப்பக்கமா, றிம்மைப் பார்த்த உள்பக்கமா, அல்லது இடையில் பக்கவாட்டிலா? வால்கட்டையிலிருந்து எவ்வளவு தூரம்? ஓட்டையின் வடிவம் என்ன: ஊசி குத்தின மாதிரியா, வெட்டின மாதிரியா?

வால்கட்டை உள்பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே அது இருக்கிற பக்கம் உள்பக்கம், அதற்கு நேரெதிர் வெளிப்பக்கம். இதைப் பார்த்துச் சொல்லும், அதற்குப் பிறகு கதைப்போம். அதற்கு முன் நாலாவது ரியூப் வாங்க வேண்டாம்.

நான் கொட்டாஞ்சேனையில் கனகாலம் சைக்கிள் திருத்தினவன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் கடையில். ரியூப் பிழையாக வருவது உண்டு, ஆனால் மூன்றும் தொடர்ந்து பிழையாக வராது.

---

மூன்றுசில்லு_கிராண்ட்பாஸ் | ஞாயிறு, காலை 8.40

தங்கச்சி, எனக்கும் போன மாதம் இதே தொல்லை. என் ஓட்டோவின் பின் சில்லு. 4.00-8 டயர். அதில் ரிம் இரண்டு பாதியாக வரும், நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். வீட்டிலேயே கழற்றிப் புது டியூப் போட்டுத் திரும்ப இறுக்கினேன். வத்தளை போவதற்குள் காற்றுப் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் டியூபில் ஒரு கோடு, அந்தக் கோட்டு வழியே வெட்டு. இரண்டு பாதி ரிம்முக்கும் நடுவில் டியூப் அகப்பட்டிருக்கிறது.

அப்புறம் ஒரு பெரியவர் சொன்னார், டியூபுக்கு முதலில் கொஞ்சம் காற்று விட்டு உருட்டாக்கி டயருக்குள் வைத்தால் அது ரிம்முக்கு இடையில் தொங்காது என்று. அப்படிச் செய்த பிறகு சரி. உங்களுடையதும் ரிம்முக்கு நடுவில் அகப்பட்டிருக்கும், ரிம்மைக் கழற்றிப் பாருங்கள்.

---

பழைய_றிம் | ஞாயிறு, காலை 9.05

தம்பி, சைக்கிள் றிம் ஒரே துண்டு, அதைப் பிரிக்க ஏலாது. ஆனால் நீர் சொன்ன கொஞ்சக் காற்று விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும், அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஓட்டோச் சில்லைக் கழற்றுகிற எல்லோருக்கும் ஒன்று: அந்த இரண்டு பாதி றிம்மையும் பிடித்திருக்கிற நட்டுகளைத் தொடுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். காற்று நிற்கும்போது கழற்றினால் றிம் பிரிந்து பாயும். கையை முறித்த ஆளை நான் கண்டிருக்கிறேன்.

---

நிலா_வெள்ளவத்தை | ஞாயிறு, மதியம் 12.30

ஐயா, மூன்றையும் வாளியில் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது: உள்பக்கத்தை ஒட்டிய பக்கவாட்டில் ஒரு வெட்டு. பிறை மாதிரி வளைந்திருக்கிறது, அரிசி மணி நீளம் வரும். வாலுக்கு ஏறக்குறைய நேரெதிர் இடம்.

இரண்டாவது: அதே இடம்தான், வாலுக்கு எதிரே. இரண்டு சின்ன வெட்டு, ஒன்றிலிருந்து ஒன்று ஒரு சென்டிமீட்டர் இருக்கும். இரண்டும் ஒரே பக்கத்தில்.

மூன்றாவது: இது ஓட்டை என்று சொல்ல முடியாது, கையளவு நீளக் கிழிசல். வாலிலிருந்து நான்கு விரல் தள்ளித் தொடங்குகிறது. இதைத் தண்ணீரில் போடவே தேவைப்படவில்லை.

---

தெஹிவளை_இரட்டைச்சில்லு | ஞாயிறு, மதியம் 1.10

இரண்டாவது எனக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை என்றால் அது குழியில் விழுந்ததால் வருவது. காற்றுக் குறைவாக ஓடும்போது ரிம் விளிம்பு டியூபைக் கல்லோடு சேர்த்து நசுக்கும். காலி வீதியில் எனக்கு எத்தனை தரம் வந்திருக்கிறது. காற்றைக் கூட்டி அடியுங்கள் அக்கா.

---

பழைய_றிம் | ஞாயிறு, மாலை 4.45

தெஹிவளைத் தம்பி சொல்வது வீதியில் ஓடின ரியூப்புக்குச் சரி. ஆனால் இந்தப் பிள்ளையின் இரண்டாவது ரியூப் வீதிக்கே போகவில்லை, காற்றடிக்கும்போதே சீறியிருக்கிறது. குழியில் நசுங்கினால் றிம்மின் இடது விளிம்பு ஒன்று, வலது விளிம்பு ஒன்று என்று ரியூப்பின் இரண்டு பக்கத்திலும் ஓட்டை விழும். றிம்மின் அகலம் அளவுக்கு இடைவெளி இருக்கும். இங்கே இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரு சென்டிமீட்டர் தூரத்தில். அது லீவரின் நுனி கடித்தது. ரியூப் மடிந்து லீவருக்கும் றிம்முக்கும் நடுவில் அகப்பட்டால், மடிப்பின் இரண்டு தட்டும் வெட்டுப்படும். விரித்துப் பார்க்கும்போது இரண்டு ஓட்டையாகத் தெரியும்.

முதலாவதும் அதே கடிதான். கரண்டிக் காம்பின் வளைவு அப்படியே பிறையாகப் பதிந்திருக்கிறது. றப்பர் முழுக்க அறுபடாமல் அரைவாசி அறுபட்டிருக்கும், அதனால்தான் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது.

மூன்றாவது வேறு கதை. அது லீவர் கடித்ததில்லை. ரயரின் கம்பி விளிம்பு ரியூப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காற்று ஏற ஏற ரியூப் கம்பியைக் கீழிருந்து தூக்கி, கடைசியில் கம்பி றிம்மைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. வெளியே பிதுங்கின ரியூப்பைத் தாங்க ஒன்றும் இல்லை, வெடித்துவிட்டது. நீளக் கிழிசல் என்றாலே முதலில் இதைத்தான் நினைக்கவேண்டும். அது வாலுக்குப் பக்கத்தில் நடந்ததற்கும் காரணம் இருக்கிறது.

மூன்றுக்கும் அடிவேர் ஒன்றுதான்: நீர் வாலில் தொடங்கி எதிரே முடித்தீர்.

றிம்மை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். இரண்டு ஓரத்திலும் மேடு, அந்த மேட்டில்தான் கம்பி கடைசியில் உட்கார வேண்டும். கம்பி இழுபடாது. ஆகவே ஒரு பக்கம் கம்பியைப் பள்ளத்துக்குள் இறக்கினால்தான் மறுபக்கம் விளிம்பைத் தாண்டுவதற்கு இடம் கிடைக்கும். பள்ளத்துக்கும் மேட்டுக்கும் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் சில்லின் ஒரு பாதி முழுக்க அப்படி இறங்கினால் கடைசித் துண்டு கைவிரலுக்கே போகும்.

இப்போது வாலுள்ள இடத்தைப் பாரும். அங்கே ரியூப் தடிப்பு. வாலின் அடி பள்ளத்தை நிரப்பிக்கொண்டு நிற்கும். அங்கே கம்பியைப் பள்ளத்தில் இறக்க ஏலாது. நீர் அங்கேதான் தொடங்கியிருக்கிறீர். அதனால் வாலடியில் கம்பி மேலே நிற்க, எதிர்ப்பக்கம் இடம் போதாமல் இறுகிவிட்டது. அதற்கு லீவர், லீவருக்குக் கரண்டி. மூன்றாம் தரம் லீவரைக் கவனமாகப் பிடித்தீர், ஆனால் வாலடியில் கம்பி ரியூப்பின் மேல் நின்றது நின்றபடிதான்.

எதிரே தொடங்கி வாலில் முடியும். அப்போது கம்பி முழுக்கப் பள்ளத்தில் இருக்கும், பள்ளம் இல்லாத வாலடிதான் கடைசி. ரயர் ஏறினதும் வாலை உள்ளே தள்ளி, அகப்பட்ட ரியூப்பை விடுவிக்கவும் முடியும்.

---

தெஹிவளை_இரட்டைச்சில்லு | ஞாயிறு, மாலை 5.20

ஐயா, இரட்டை ஓட்டை பற்றி நீங்கள் சொன்னது சரி, இரண்டு பக்கத்தையும் நான் பார்க்கவில்லை. ஆனால் வாலில் தொடங்கி எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை. என்னுடையதும் 26தான். வால் முதலில் நேராக நின்றால்தானே டியூப் முறுகாமல் இருக்கும்?

---

பழைய_றிம் | ஞாயிறு, மாலை 5.50

வாலை முதலில் துளையில் விடுவது வேறு, ரயரின் இரண்டாம் பக்கத்தை அங்கே முதலில் ஏற்றுவது வேறு. வாலை முதலில் விடும், அதில் தப்பில்லை. நட்டை மட்டும் இறுக்க வேண்டாம். இறுக்கினால் வாலடி பள்ளத்தில் ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு தள்ள ஏலாது.

உம்முடைய ரயர் கனகாலம் ஓடி இளகின ரயராக இருக்கும். இளகின ரயர் எங்கே தொடங்கினாலும் ஏறும். இந்தப் பிள்ளையினது இரண்டு கிழமை ரயர்.

---

தெஹிவளை_இரட்டைச்சில்லு | ஞாயிறு, மாலை 6.02

என்னுடையதும் போன வருடம் புதிதாகப் போட்ட டயர்தான் ஐயா. ரிம் வித்தியாசமாக இருக்கலாம். எனக்கு என் முறை பழகிவிட்டது, அதையே செய்கிறேன். அக்கா நீங்கள் ஐயா சொல்வதைச் செய்து பாருங்கள்.

---

கமலா_கிருலப்பனை | ஞாயிறு, இரவு 7.30

இடையில் ஒரு கேள்வி. மகனின் சின்னச் சைக்கிளுக்கு டியூப் மாற்றும்போது பவுடர் தூவ வேண்டுமா? எங்கள் வீட்டில் மாமா முகப் பவுடரை டயருக்குள் கொட்டித்தான் டியூப் வைப்பார். பவுடர் போட்டால் கடிபடாது என்பார்.

---

பழைய_றிம் | ஞாயிறு, இரவு 8.10

நாங்களும் கடையில் தூவினோம். ரியூப் ரயரோடு ஒட்டாமல் வழுக்கி இடத்துக்குப் போகும், அடுத்த தரம் கழற்றவும் சுகம். ஆனால் கம்பிக்கு அடியில் கிடக்கிற ரியூப்பைப் பவுடர் வெளியே இழுக்காது. ஒரு சிட்டிகை போதும் பிள்ளை. கொட்டினால் காற்றில் பறந்து மூக்குக்குள்தான் போகும், சின்னப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் தூவவே வேண்டாம்.

---

அலையோரம் | ஞாயிறு, இரவு 8.35

பவுடர் ஈரத்தை இழுத்து ரிம்மைத் துருப்பிடிக்க வைக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, இரும்பு ரிம் இரண்டு வருடத்தில் உள்ளே உதிர்ந்துவிட்டது. அந்தத் துருதான் டியூபை அரித்தது, ஓட்டை முழுக்க உள்பக்கத்தில். பவுடரா கடல் காற்றா தெரியாது. அதற்குப் பிறகு நான் தூவுவதில்லை.

---

பழைய_றிம் | ஞாயிறு, இரவு 8.50

கடல் காற்று என்றுதான் நான் நினைப்பேன். எதுவானாலும், ஓட்டை உள்பக்கத்தில் என்றால் றிம்முக்குள் சுற்றியிருக்கிற றிம் நாடாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாடா விலகினால் ஆரைக்கம்பித் துளையின் ஓரம் குத்தும், துரு இருந்தால் இன்னும் கெதியாக.

நிலாப் பிள்ளைக்கு முறையை எழுதுகிறேன்.

முதலில் ரயரின் ஒரு பக்கக் கம்பியை முழுக்க றிம்முக்குள் போடும். ரியூப்புக்கு வாயால் ஊதின மாதிரி கொஞ்சக் காற்று. உருட்டாக நிற்கவேண்டும், ஆனால் இரண்டு விரலால் அமுக்கினால் ஒட்ட வேண்டும். காற்றே இல்லாவிட்டால் நாடாவைப்போல் மடிந்து கம்பிக்கு அடியில் போகும். கூடினால் பள்ளத்தை நிரப்பிக் கம்பியை இறங்க விடாது. வாலைத் துளையில் விட்டு, ரியூப்பை ரயருக்குள் சுற்றிவர மேலே தூக்கி வையும்.

இப்போது சில்லை நிமிர்த்தி, வால் தரையைப் பார்க்கப் பிடியும். உச்சியில், அதாவது வாலுக்கு எதிரே, இரண்டாவது கம்பியை உள்ளே தள்ளும். அங்கிருந்து இரண்டு கையாலும் ரயரை அமுக்கிப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு வாரும். கீழே வருகிறபோதெல்லாம் இரண்டு பக்கக் கம்பியையும் சேர்த்து நசுக்கி நடுவில் விடவேண்டும். கடைசி ஒரு சாண் இறுகும். அங்கே லீவரைத் தேட வேண்டாம். உச்சிக்குப் போய்த் திரும்பவும் நசுக்கிக்கொண்டு வாரும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் இடம் வரும். மூன்றாம் நாலாம் சுற்றில் விடும். பிறகு வால் மேலே வரச் சில்லைத் திருப்பி வயிற்றோடு சாய்த்து, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் ரயரை உருட்டி ஏற்றும். பெருவிரலால் தள்ளினால் நகம் நோகும், பலமும் போதாது.

அப்படியும் இறுகினால், ரியூப்பிலிருந்து இன்னும் கொஞ்சக் காற்றை விடும். கடைசித் துண்டில் சவர்க்காரத் தண்ணீரை விரலால் தடவும்.

ஏறினதும் வாலை உள்பக்கமாக ஒரு விரற்கடை தள்ளி, பிறகு வெளியே இழும். இதை மறந்தால் வாலடியில் ரியூப் கம்பிக்கு அடியில் நிற்கும், உம்முடைய மூன்றாவதைப்போல.

காற்றடிக்க முன் கண்ணால் பாரும். பெருவிரலால் ரயரின் பக்கத்தை உள்ளே தள்ளிக்கொண்டு சுற்றி வாரும், இரண்டு பக்கமும். றிம் நாடா தெரியவேண்டும். கறுப்பாகப் பளபளவென்று றப்பர் தெரிந்தால் அது ரியூப். அந்த இடத்தில் ரயரை இரண்டு பக்கமும் அசைத்தால் உள்ளே போய்விடும். லீவரால் குத்தித் தள்ள வேண்டாம்.

பிறகு பம்பில் 15 அளவுக்கு மட்டும் அடித்து நிறுத்தும். ரயரின் பக்கத்தில் றிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும், அச்சில் வார்த்த கோடு. சில்லைச் சுற்றினால் அந்தக் கோடு றிம்மிலிருந்து எங்கும் ஒரே தூரத்தில் ஓடவேண்டும். ஓரிடத்தில் கோடு றிம்முக்குள் மறைந்தால் அங்கே கம்பி இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது. கோடு மேலே எழும்பினால் அங்கே ரியூப் அடியில் இருக்கிறது. எழும்பினதைக் கண்டால் உடனே காற்றை இறக்கும். ஒரு பம்பும் கூட அடிக்க வேண்டாம், முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம்.

---

மூன்றுசில்லு_கிராண்ட்பாஸ் | ஞாயிறு, இரவு 9.30

கோடு விஷயம் எனக்குப் புதுசு. இப்போதுதான் கீழே போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஓட்டோ டயரிலும் இருக்கிறது. இத்தனை வருடம் கவனிக்கவில்லை.

---

நிலா_வெள்ளவத்தை | செவ்வாய், இரவு 9.15

நேற்று டியூப் வாங்கி வந்து இன்று மாலை செய்தேன். ஒரு மணி நேரம் எடுத்தது.

முதல் தடவை கடைசி ஒரு சாண் நகரவே இல்லை. லீவரை எடுக்கக் கை போனது, வைத்துவிட்டேன். ஐயா சொன்னபடி உச்சிக்குப் போய் நசுக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு சுற்றில் ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் பிழையைக் கண்டேன்: நான் ஏற்றிய பக்கக் கம்பியை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன், மற்றப் பக்கக் கம்பி ஏற்கெனவே மேட்டில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் சேர்த்து நடுவுக்குக் கொண்டுவந்ததும் கீழே டயர் தளர்ந்தது கையிலேயே தெரிந்தது. ஒரு சாண் நான்கு விரலானது. காற்றையும் கொஞ்சம் விட்டேன். உள்ளங்கையால் உருட்டினேன், “டக்” என்று ஏறிவிட்டது. லீவர் தொடவே இல்லை.

பக்கங்களைத் தள்ளிப் பார்த்தபோது வாலுக்கு இடப்பக்கம் கறுப்பாகத் தெரிந்தது. வாலைத் தள்ளியிருந்தேன், ஆனால் போதவில்லைபோல. திரும்பத் தள்ளி, அந்த இடத்தில் டயரை அசைத்ததும் மறைந்தது.

15 அடித்துச் சுற்றினேன். வலப்பக்கம் கோடு சரி. இடப்பக்கம் வாலுக்கு எதிரே ஒரு கைநீளத்துக்குக் கோடு ரிம்முக்குள் போய்விட்டது, சுற்றும்போது டயர் அந்த இடத்தில் தாழ்ந்து தாழ்ந்து வருகிறது. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, கையால் இழுத்து வெளியே கொண்டுவந்து திரும்ப அடித்தேன். 30இல் சின்னதாக ஒரு “டொக்” கேட்டது. பயந்து பம்பை விட்டுவிட்டேன்.

ஐயா, அந்தச் சத்தம் சரிதானா? கோடு இப்போது ஒரே மாதிரி ஓடுகிறது. டயரில் 40 முதல் 65 பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கிறது.

---

பழைய_றிம் | செவ்வாய், இரவு 9.40

அந்த “டொக்” கம்பி மேட்டில் ஏறி உட்காரும் சத்தம். நல்ல சத்தம். அதற்குப் பிறகு கோடு சரியாக ஓடினால் பயமில்லை. மெதுவாக 50க்கு ஏற்றும், உம்முடைய பாரத்துக்கு அது போதும். 65ஐத் தாண்ட வேண்டாம். கம்பி உட்காரவில்லை என்று எழுதியதை விடக் கூட அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அப்படித்தான் ரயர் பறக்கும். உட்காராவிட்டால் காற்றை இறக்கித் திரும்பச் சவர்க்காரத் தண்ணீர்தான்.

இரண்டு கம்பியையும் சேர்த்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். புது ஆட்கள் அதிலேதான் நிற்பார்கள். கையால் கண்டுபிடித்துவிட்டீர், இனி மறக்காது.

ஓடின பிறகு சவர்க்காரத் தண்ணீரைத் துடைத்துவிடும், கடலோரம் ஓடுகிறீர்.

---

கமலா_கிருலப்பனை | புதன், காலை 7.10

நானும் நேற்று மகனின் சைக்கிளில் எதிரே தொடங்கிப் பார்த்தேன், இலகுவாக ஏறியது. ஆனால் அது 16 அங்குல டயர், முன்னும் இலகுவாகத்தான் ஏறியது. வித்தியாசம் என்னால் சொல்ல முடியாது.

---

நிலா_வெள்ளவத்தை | வெள்ளி, இரவு 8.00

மூன்று நாளாக ஓடுகிறேன். 50 அடித்தது இன்று பம்பில் 42 காட்டுகிறது. இது கடிபட்டதா? கழற்ற வேண்டுமா?

---

தெஹிவளை_இரட்டைச்சில்லு | வெள்ளி, இரவு 8.20

அக்கா, பம்பைப் பூட்டும்போதே கொஞ்சக் காற்று போகும், அது முள்ளில் குறைவாகக் காட்டும். கடிபட்ட டியூப் மூன்று நாள் நிற்காது.

---

பழைய_றிம் | வெள்ளி, இரவு 8.45

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மெல்லிய கடி மூன்று நாளும் நிற்கும், நான் கண்டிருக்கிறேன். கழற்ற முன் வாலின் மூடியைக் கழற்றி, வாய்த் துளையில் எச்சிலைத் தொட்டு வையும். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிரும். குமிழி எழும்பினால் வாலின் உள்ளூசி தளர்ந்திருக்கிறது, அதை இறுக்கினால் போதும், ரயரில் கை வைக்கவே தேவையில்லை. குமிழி இல்லாவிட்டால் 50க்கு அடித்து, ஓடாமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டு எவ்வளவு காட்டுகிறது என்று எழுதும்.

---

நிலா_வெள்ளவத்தை | வெள்ளி, இரவு 9.05

குமிழி வருகிறது ஐயா. மிக மெதுவாக ஒன்று, பிறகு இன்னொன்று. பக்கத்துக் கடை நாளை திறந்ததும் வால் இறுக்கும் சாவி வாங்கி வருகிறேன்.